ஆறரையிலேயே நிற்கும் பஸ்

ஐஇஎல்டிஎஸ் எழுதியவர்கள் இரண்டு பேர் சந்தித்துக் கொண்டால் முதலில் கேட்டுக் கொள்வது பெயரை அல்ல, பேண்டை. அதிலும் ஸ்பீக்கிங்கில் எவ்வளவு என்பதை. அங்கேதான் பாதிப் பேர் ஆறரையில் நின்று விடுகிறார்கள். முதல் தடவை 6.5, ஆறு மாதம் கழித்து 6.5, அப்புறம் மூன்றாவது தடவையும் அதே 6.5. ஒவ்வொரு தடவையும் பதினைந்தாயிரத்துக்கு மேல் கட்டணம் வேறு.

வேடிக்கைக்கு எழுதுபவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய விரும்புபவர் நிலைமை வேறு. அங்குள்ள நர்ஸிங் கவுன்சில் ரைட்டிங்கில் 6.5 போதும் என்று 2018-இல் தளர்த்தியது. ஸ்பீக்கிங், லிஸனிங், ரீடிங் மூன்றிலும் 7 என்பதைத் தளர்த்தவில்லை. நாகர்கோவிலிலோ மதுரையிலோ ஐந்து வருடம் ஐசியூவில் வேலை பார்த்த அனுபவம் இருந்தாலும், அந்த அரை பேண்ட் இல்லாவிட்டால் அந்த வழியில் கோப்பு நகராது.

இந்த நிலையில் இருப்பவர் வழக்கமாக என்ன செய்கிறார்? இலக்கணப் புத்தகத்தை மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறார். கூடவே 'ஹை ஸ்கோரிங் வேர்ட்ஸ்' என்று யாரோ அனுப்பிய ஐந்நூறு வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் செய்கிறார். இரண்டும் வீண் வேலை. ஏன் என்பதைக் கூட்டல் கணக்கே சொல்லிவிடும்.

ஸ்பீக்கிங்கில் நான்கு தலைப்புகளில் தனித்தனியாக மதிப்பெண் போடுகிறார்கள். சரளமும் கோர்வையும் ஒன்று, சொல்வளம் ஒன்று, இலக்கணம் ஒன்று, உச்சரிப்பு ஒன்று. நான்குக்கும் சம எடை. ரிசல்ட் தாளில் இந்தப் பிரிவுக் கணக்கு வராது, மொத்தம் மட்டும்தான் வரும். அதனால்தான் எங்கே ஓட்டை என்று தெரியாமலே பலர் தண்ணீர் ஊற்றிக் கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கு இலக்கணம் 7, உச்சரிப்பு 7, சரளம் 6, சொல்வளம் 6 என்று வைத்துக் கொள்ளலாம். கூட்டினால் 26, நான்கால் வகுத்தால் 6.5. சுத்தமாக 7 வர மொத்தம் 28 வேண்டும். அந்த இரண்டு புள்ளியையும் இலக்கணத்தை வைத்தே எடுக்கப் பார்த்தால் ஏழிலிருந்து ஒன்பதுக்குப் போக வேண்டும். ஒன்பது என்பது தவறே தேடிப்பிடிக்க வேண்டிய நிலை. அதே இரண்டு புள்ளியைச் சரளத்தில் ஒன்று, சொல்வளத்தில் ஒன்று என்று எடுத்தால் இரண்டும் ஆறிலிருந்து ஏழுக்குப் போனால் போதும். எந்தக் கணக்குப்பிள்ளையைக் கேட்டாலும் பணத்தை எங்கே போடுவது என்று உடனே சொல்லிவிடுவார் :-)

சரி, ஆறுக்கும் ஏழுக்கும் என்ன வித்தியாசம்? பரிசோதகர்கள் பயன்படுத்தும் அளவுகோலின் சுருக்கம் பொதுவிலேயே கிடைக்கிறது. சரளத்தில் ஆறு வாங்குபவர் நீளமாகப் பேசத் தயாராக இருப்பார். ஆனால் திக்கலும் திருத்தலும் திரும்பச் சொல்லலும் வந்து இடையிடையே கோர்வை அறுந்து போகும். ஏழு வாங்குபவருக்கும் திக்கல் உண்டு, திருத்தலும் உண்டு. அதனால் கோர்வை அறுவதில்லை, பேச்சில் சிரமம் தெரிவதில்லை, அவ்வளவுதான். சொல்வளத்தில் ஆறு வாங்குபவர் தேவையானதைச் சொல்லிவிடுவார், பொருள் புரியும், சில வார்த்தைகள் மட்டும் இடத்துக்குப் பொருந்தாமல் இருக்கும். ஏழு வாங்குபவர் எந்த வார்த்தை எதோடு சேரும் என்று கொஞ்சமாவது தெரிந்தவர். ஒரு வார்த்தை கிடைக்காவிட்டால் சுற்றி வளைத்தாவது சொல்லிவிடுவார்.

இதில் எங்கேயும் 'பெரிய வார்த்தை' என்று இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதிகம் புழங்காத சொற்களும் மரபுத் தொடர்களும் ஏழில் ஓரளவு எதிர்பார்க்கப்படுகின்றன, உண்மைதான். ஆனால் அதற்கு 'ப்ளெதோரா', 'மிரியட்' என்று நெல் களத்தில் மயிலை விட்டது மாதிரி வார்த்தைகளைத் தூவுவது என்று பொருள் இல்லை. "எ ப்ளெதோரா ஆஃப் பேஷண்ட்ஸ் கேம் டு அவர் வார்ட்" என்று சொல்பவரைப் பார்த்துப் பரிசோதகர் அசந்து போக மாட்டார். எங்கே மனப்பாடம் செய்தாரோ என்று யோசிப்பார். அடுத்த கேள்வியை வேறு பக்கமாகத் திருப்புவார். அப்போது இருக்கிறது வேடிக்கை.

பி.காம் படிப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு விஷயம். ஒருவருக்குத் தெரிந்த வார்த்தைகள் இரண்டு கணக்கில் இருக்கின்றன. படித்தால், கேட்டால் புரிகிற வார்த்தைகள் ஃபிக்ஸட் டெபாசிட். பேசும்போது வாய்க்கு வருகிற வார்த்தைகள் கையிலிருக்கும் ரொக்கம். ஆறரையில் நிற்பவர்களுக்கு டெபாசிட் நிறையவே இருக்கிறது. ஹிந்து பேப்பரை அகராதி இல்லாமல் படிப்பார்கள், ஆங்கிலப் படத்தைச் சப்டைட்டிலோடு ரசிப்பார்கள். வாயைத் திறந்தால் மட்டும் 'குட்', 'பேட்', 'நைஸ்', 'வெரி வெரி' தவிர ஒன்றும் வராது. பஸ் கண்டக்டரிடம் டெபாசிட் ரசீதை நீட்டி டிக்கெட் வாங்க முடியுமா? புதுப் பட்டியல் மனப்பாடம் செய்வது டெபாசிட்டில் மேலும் போடுவது. தேவைப்படுவது உள்ளே இருப்பதை ரொக்கமாக மாற்றுவது. சொல்வளமும் சரளமும் ஒரே சமயத்தில் நின்று போவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒன்றுதான். வார்த்தை நேரத்துக்கு வராததால் பேச்சு நிற்கிறது. பேச்சு நிற்குமோ என்ற பயத்தில் பழகிய பத்து வார்த்தையைத் தாண்டுவதில்லை.

ஒரு நர்ஸை உதாரணமாக எடுத்துக் கொள்ளலாம். மேலே சொன்ன அதே 7, 7, 6, 6 கணக்கு. அவருக்கு வந்த அட்டை, யாருக்காவது உதவி செய்த ஒரு சந்தர்ப்பத்தைப் பற்றிப் பேசச் சொல்கிறது. தேர்வின் இரண்டாவது பகுதி இது. ஒரு நிமிடம் குறிப்பெடுக்கலாம், பிறகு ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேச வேண்டும். வீட்டில் இதைச் செய்து பார்த்து மொபைலில் பதிவு செய்கிறார்.

அடுத்து வருவதுதான் யாரும் செய்ய விரும்பாத வேலை. பதிவை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே தாளில் எழுத வேண்டும். திக்கிய இடம், 'ம்ம்' போட்ட இடம், பாதியில் விட்ட வாக்கியம் எல்லாம் அப்படியே. இரண்டு நிமிடப் பேச்சை எழுத முக்கால் மணி நேரம் ஆகலாம். தன் குரலைத் தானே கேட்பது ஒரு தண்டனை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கோச்சிங் சென்டரில் மூன்று மாதம் உட்கார்ந்தாலும் தெரியாதது அந்தத் தாளில் தெரிந்துவிடும்.

நம் நர்ஸின் தாளில் நடுவில் ஒரு பகுதி இப்படி இருக்கிறது: "ஹீ வாஸ்... வெரி பேட். ஹிஸ் ஒய்ஃப் வாஸ்... ம்ம்... வெரி ஸாட். ஷீ வாஸ் கிரையிங் அண்ட் கிரையிங். ஐ... ஐ கேவ்... ஐ டோல்ட் ஹெர் எவ்ரிதிங் வில் பி குட்."

இலக்கணத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. காலம் சரி, எழுவாய் பயனிலை சரி. இலக்கணப் புத்தகம் இந்த நான்கு வரிக்கு உதவப் போவதில்லை என்பது இங்கேயே தெரிகிறது. பார்க்க வேண்டியது புள்ளிகள் விழுந்த இடங்களை. வாக்கியம் முடிந்த இடத்தில் நின்றால் அது ஆபத்தில்லை. தாய்மொழியில் பேசுபவரும் அங்கேதான் மூச்சு விடுவார், அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசிப்பார். வாக்கியத்தின் வயிற்றில் நின்றால்தான் சிக்கல். 'ஹீ வாஸ்' என்று ஆரம்பித்துவிட்டு நிற்பவர் விஷயத்தைத் தேடவில்லை, வார்த்தையைத் தேடுகிறார் என்று கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். தமிழில் வினை கடைசியில் வருவதால், ஆளையும் இடத்தையும் பொருளையும் அடுக்கிக் கொண்டே போய் 'என்ன செய்தார்' என்பதைக் கடைசியில் முடிவு செய்யலாம். ஆங்கிலத்தில் ஆளைச் சொன்ன மறுகணமே வினையைக் கேட்கிறது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுபவர் அந்த இரண்டாவது படியிலேயே தடுக்கி விழுவது இதனாலும்தான்.

'ஐ கேவ்' என்று ஆரம்பித்து விட்டுவிட்டாரே, அந்த இடம் சுவாரஸ்யமானது. அவர் மனதில் இருந்தது 'ஆறுதல்'. ஆறுதல் கொடுத்தேன் என்று தமிழில் ஓடியதால் 'கேவ்' வந்துவிட்டது. அதற்குப் பின்னால் போட வார்த்தை இல்லை. அகராதி பார்த்தால் 'கன்சோலேஷன்' என்று வரும். "ஐ கேவ் ஹெர் கன்சோலேஷன்" என்றால் பொருள் புரியும், ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். நம்மூரில் கன்சோலேஷன் என்றாலே ஆறுதல் பரிசு ஞாபகம்தான் வரும். "ஐ ட்ரைட் டு காம்ஃபர்ட் ஹெர்" என்பதுதான் இயல்பு. 'காம்ஃபர்ட்' அவருக்குத் தெரியாத வார்த்தையா? நோயாளிக்குக் காம்ஃபர்ட் முக்கியம் என்று நர்ஸிங் பாடத்தில் நூறு தடவை படித்திருப்பார். டெபாசிட்டில் இருந்தது, ரொக்கமாக இல்லை.

இதே மாதிரி மற்ற இடங்களையும் திருத்தலாம். "ஹீ வாஸ் வெரி பேட்" என்றால் அந்த மனிதர் ரொம்பக் கெட்டவர் என்றுகூடப் பொருள் வரும், பாவம். "ஹிஸ் கண்டிஷன் காட் வர்ஸ் ஓவர்நைட்" என்று வைக்கலாம். "வெரி ஸாட், கிரையிங் அண்ட் கிரையிங்" என்பதற்கு "ஷீ வாஸ் இன் டியர்ஸ்". "எவ்ரிதிங் வில் பி குட்" என்பதை விட "ஐ டிட்ன்ட் வான்ட் டு கிவ் ஹெர் ஃபால்ஸ் ஹோப்" என்பது உண்மையில் ஒரு நர்ஸ் அந்த நேரத்தில் நினைப்பது. இந்த நான்கு திருத்தத்திலும் புது வார்த்தை ஒன்றுகூட இல்லை. கண்டிஷன், வர்ஸ், டியர்ஸ், ஃபால்ஸ், ஹோப் எல்லாம் பத்தாம் வகுப்பு வார்த்தைகள். எது எதோடு சேர்கிறது என்பதுதான் புதிது. 'ஹோப்' தெரியும், 'ஃபால்ஸ்' தெரியும், 'ஃபால்ஸ் ஹோப்' என்ற ஜோடி வாயில் இல்லை. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் உள்ள சொல்வளம் பெரும்பாலும் இந்த ஜோடிகள்தான்.

ஜோடியைக் கண்டுபிடிப்பது எப்படி? தெரிந்த ஆசிரியரிடம் தாளைக் காட்டுவது சுலபமான வழி. இல்லாவிட்டால் ஆக்ஸ்ஃபோர்டின் கொலொகேஷன்ஸ் அகராதி என்று ஒன்று 2002 முதல் கிடைக்கிறது. வழக்கமான அகராதி ஒரு வார்த்தைக்குப் பொருள் சொல்லும், இது அந்த வார்த்தைக்கு யார் யார் உறவினர் என்று சொல்லும். 'ஹோப்' என்ற பக்கத்தைத் திறந்தால் அதற்கு முன்னால் என்னென்ன வினை வரும், என்னென்ன அடைமொழி வரும் என்று அடுக்கியிருப்பார்கள். ஆனால் ஆசைப்பட்டு முழுப் பக்கத்தையும் எழுதிக் கொள்ளக் கூடாது. ஒரு தாளுக்கு நாலைந்து ஜோடி போதும். அதிலும் பல இடத்துக்குப் பயணம் செய்யக் கூடியதாக எடுக்க வேண்டும். 'காட் வர்ஸ்' என்பது நோய்க்கும் ஆகும், டிராஃபிக்குக்கும் ஆகும், அப்பாவின் வியாபாரத்துக்கும் ஆகும். ஒரே ஒரு கதைக்கு மட்டும் பொருந்தும் அலங்காரத் தொடரை எடுத்தால் அந்த அட்டை மறுபடி வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதுவரை நடந்தது சொல்வளம். இதைச் சரளத்தோடு ஒரே மணி நேரத்தில் போட்டுக் குழப்புவதுதான் பல வகுப்புகளில் நடக்கும் தவறு. புது வார்த்தை பத்தைக் கொடுத்துவிட்டு "இதை வைத்து வேகமாகப் பேசுங்கள்" என்றால் யாரால் முடியும்? சொல் கற்பித்தல் பற்றி நிறைய எழுதிய நியூஸிலாந்து அறிஞர் பால் நேஷன் இந்த விஷயத்தில் கறாரானவர். சரளப் பயிற்சியில் புதிதாக எதுவும் இருக்கக் கூடாது, சொல், இலக்கணம், விஷயம் எல்லாமே முன்பே தெரிந்ததாக இருக்க வேண்டும், அதை வழக்கத்தை விட வேகமாகச் செய்ய ஒரு நெருக்கடி இருக்க வேண்டும் என்பார். கார் ஓட்டப் பழகும்போது தெரிந்த ரோட்டில்தானே வேகம் கூட்டுகிறோம்.

அதற்கான பயிற்சிக்கு 4/3/2 என்றே பெயர். ஒரே விஷயத்தை முதல் ஆளிடம் நான்கு நிமிடம் பேச வேண்டும். அதையே இரண்டாவது ஆளிடம் மூன்று நிமிடத்தில். மறுபடியும் மூன்றாவது ஆளிடம் இரண்டு நிமிடத்தில். சுருக்கக் கூடாது, முடிந்தவரை அதே விஷயம் எல்லாம் வர வேண்டும். ஆள் மாறுவதற்குக் காரணம் உண்டு. கேட்டவரிடமே திரும்பச் சொன்னால் பேசுபவருக்கே சலித்து, புதிதாக எதையாவது சேர்க்கத் தோன்றும். ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு மூன்று ஆள் பிடிப்பது கஷ்டமில்லை. நைட் டியூட்டிக்காரருக்கு ஆளுக்குப் பதில் மொபைல்தான். பரவாயில்லை, நேரத்தை மட்டும் ஏமாற்றாமல் இருந்தால் சரி.

மூன்றாவது சுற்றில் என்ன நடக்கிறது? கதை யோசிக்க வேண்டியதில்லை, வரிசை யோசிக்க வேண்டியதில்லை, மூளைக்கு மிச்சமாகும் இடம் முழுக்க வார்த்தையை எடுப்பதற்குப் போகிறது. 'கண்டிஷன்', 'காட்', 'வர்ஸ்' என்று தனித்தனியாக எடுத்துக் கோர்த்தது, மூன்றாவது தடவை ஒரே கட்டாக வந்து விழும். இது அந்த ஒரு கதைக்கு மட்டும்தானா, வேறு விஷயம் பேசும்போது பழைய குருடி கதவைத் திறடிதானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டி யோங்கும் பெர்ஃபெட்டியும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் பார்த்தார்கள். ஒரே தலைப்பைத் திரும்பத் திரும்பப் பேசியவர்களுக்கும், ஒவ்வொரு தடவையும் புதுத் தலைப்பில் பேசியவர்களுக்கும் பயிற்சியின்போது சரளம் கூடியது. பிறகு இதுவரை பேசாத தலைப்பைக் கொடுத்தபோது அந்த முன்னேற்றம் நிலைத்தது, திரும்பப் பேசியவர்களிடம். தினம் ஒரு புது அட்டை என்று ஐம்பது அட்டையை ஓட்டி முடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பத்து அட்டையை மூன்று மூன்று தடவை பேசியவர் அவரை முந்திப் போக வாய்ப்பு அதிகம்.

ஆனால் இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மூன்று தடவை பேசும்போது நல்லது மட்டும் இறுகுவதில்லை, தப்பும் சேர்ந்தே இறுகும். நேர நெருக்கடியில் யாரும் திருத்திக் கொள்ள மாட்டார்கள், முதல் சுற்றில் சொன்ன தப்பை மூன்றாவது சுற்றிலும் அட்சரம் பிசகாமல் சொல்வார்கள். ஃப்ராங்க் போயர்ஸ் என்பவர் 2014-இல் இதைச் சுட்டிக் காட்டினார். அதனால் வரிசை முக்கியம். முதலில் பதிவு, பிறகு எழுதுதல், பிறகு திருத்தம், அதற்கு மறுநாள் 4/3/2. திருத்தாத பேச்சை மூன்று தடவை ஓட்டினால் "ஹீ வாஸ் வெரி பேட்" ஆயுசுக்கும் ஒட்டிக் கொள்ளும்.

இந்தப் பயிற்சி ஒரு சோதனையாகவும் பயன்படும், அது பலருக்குத் தெரிவதில்லை. முதல் சுற்றுப் பதிவையும் மூன்றாவது சுற்றுப் பதிவையும் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். முதலில் திக்கிய இடம் மூன்றாவதில் ஓடிவிட்டால், வார்த்தை உள்ளே இருந்தது, எடுக்கத்தான் நேரமாகியது. அது சரளப் பிரச்சினை, இன்னும் நாலு தடவை பேசினால் தீரும். மூன்றாவது சுற்றிலும் அதே இடத்தில், அதே வார்த்தைக்கு முன்னால் நின்றால் அங்கே வார்த்தையே இல்லை. எத்தனை தடவை பேசினாலும் இல்லாதது வராது, அந்த இடத்துக்கு ஒரு தொடர் தேடித்தான் ஆக வேண்டும். இன்னொரு வகையும் உண்டு. அதே அட்டையைத் தமிழில் பேசிப் பதிவு செய்து பார்த்தால் தமிழிலும் அங்கேயே நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிரச்சினை ஆங்கிலம் இல்லை, சொல்ல விஷயமில்லை. இயல்பிலேயே நிதானமாகப் பேசுபவர் ஆங்கிலத்தில் மட்டும் எஃப்.எம். அறிவிப்பாளர் மாதிரி பொழிய முடியாது, பொழியவும் வேண்டாம். வேகத்துக்குத் தனி மார்க் கிடையாது. விஷயத்துக்காக யோசித்து நிற்பதைப் பரிசோதகர் பெரிதாக எடுத்துக் கொள்வதும் இல்லை.

மூன்றாவது பகுதி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதை நன்றாகச் சொல்பவர்கள் கவிழ்வது அங்கேதான். உதவி செய்த கதை முடிந்ததும், "முன்பை விட இப்போது மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவுவது குறைந்துவிட்டதா, ஏன்?" என்ற மாதிரி கேள்விகள் வரும். நான்கைந்து நிமிடம். இங்கே 'ஒரு நாள் ஒரு பெரியவர் வந்தார்' என்று ஆரம்பிக்க முடியாது, காரணம் சொல்ல வேண்டும், ஒப்பிட வேண்டும். இதற்கும் அதே வழிதான், வேறு மந்திரம் இல்லை. கூடவே ஒரே விஷயத்தைப் பற்றி நாலைந்து கட்டுரை படிப்பது அல்லது பேட்டி கேட்பது உதவும். முதியோர் பராமரிப்பு என்று எடுத்தால் ஒரு வாரம் முழுக்க அதைப் பற்றியே. ஒரே விஷயம் என்பதால் அதே சொற்சேர்க்கைகள் மறுபடி மறுபடி வந்து விழும். ஒரு நாள் கிரிக்கெட், மறுநாள் பருவநிலை, அதற்கு அடுத்த நாள் சமையல் என்று தாவினால் எந்த ஜோடியும் இரண்டாவது தடவை கண்ணில் படாது.

இன்னொன்று, வார்த்தை வராத நேரத்தில் என்ன செய்வது என்பது. எவ்வளவு தயார் செய்தாலும் தேர்வு அறையில் ஏதாவது ஒரு வார்த்தை காலை வாரும். 'ஸ்ட்ரெச்சர்' மறந்து போகிறது என்று வைத்துக் கொள்ளலாம். அந்த வார்த்தைக்காக ஐந்து விநாடி கூரையைப் பார்ப்பவருக்குச் சரளத்தில் அடி. "த திங் வி யூஸ் டு கேரி பேஷண்ட்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போகிறவருக்கு அடி இல்லை என்பது மட்டுமில்லை, சுற்றி வளைத்துச் சொல்லும் திறமைக்குச் சொல்வளத்தில் இடமும் இருக்கிறது. இதை வீட்டில் பழகலாம். சமையலறையில் கண்ணில் படும் பத்துப் பொருளைப் பெயர் சொல்லாமல் ஆங்கிலத்தில் விளக்கிப் பார்க்க வேண்டும். இட்லித் தட்டை விளக்கிப் பார்த்தாலே போதும், பாதி ஆங்கிலம் வந்துவிடும். அதைச் செய்யாமல் 'ஆக்சுவலி', 'பேஸிக்கலி', 'யூ நோ' என்று இட்டு நிரப்பக் கற்றுக் கொடுக்கும் இடங்களும் உண்டு. இரண்டு தடவை வந்தால் இயல்பு, வரிக்கு வரி வந்தால் ஓட்டையின் மேல் ஒட்டிய பிளாஸ்டர்.

நர்ஸின் வாரம் எப்படிப் போகும் என்று பார்க்கலாம். திங்கள் ஒரு அட்டையைப் பதிவு செய்து எழுதுகிறார். செவ்வாய் திருத்தம், நாலைந்து ஜோடி. புதன் அதே அட்டையில் 4/3/2, ஒன்பது நிமிடப் பேச்சுதான், டியூட்டிக்குப் போகும் முன் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை வேறு ஒரு அட்டை, 'மறக்க முடியாத பயணம்' என்று ஏதோ ஒன்று. அதில் செவ்வாய்க்கிழமை எடுத்த ஜோடிகளில் இரண்டாவது தானாக வருகிறதா என்று பார்க்கிறார். "த வெதர் காட் வர்ஸ் ஓவர்நைட்" என்று வந்துவிட்டால் அது ரொக்கம். வராதது அடுத்த வாரப் பட்டியலுக்குப் போகிறது. மாதம் ஒரு தடவை, தயார் செய்யாத அட்டையில் பேசி, எழுதி, இரண்டே இரண்டு விஷயம் எண்ணுகிறார். வாக்கியத்தின் நடுவில் எத்தனை இடத்தில் நின்றார், 'வெரி', 'குட்', 'பேட்' எத்தனை தடவை வந்தது. முதல் மாதத் தாளோடு மூன்றாவது மாதத் தாளை வைத்துப் பார்த்து எண்ணிக்கை இறங்கியிருந்தால்தான் அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டுவது. இறங்கவில்லை என்றால் கட்டுவதில்லை, தேதி எவ்வளவு அருகில் இருந்தாலும்.

இலக்கணத்தை இந்த மூன்று மாதமும் அப்படியே விட்டுவிடலாமா? ஏழில் இருப்பது தானாக இறங்காது. ஆனால் ஒன்று நடக்கும், அது பலரைப் பயமுறுத்துகிறது. புதுத் தொடர்களை வேகமாகச் சொல்ல முயலும் முதல் சில வாரங்களில் இலக்கணத் தவறு கொஞ்சம் கூடும். 'காட் வர்ஸ்' மேல் கவனம் போனதில் 'ஹிஸ்' வர வேண்டிய இடத்தில் 'ஹெர்' வந்துவிடும். உடனே பதறிப் போய்ப் பழைய புத்தகத்தைத் தூக்குபவர்கள் அங்கேயே வண்டியைத் திருப்பி ஆறரைக்கு வந்து சேர்கிறார்கள். தொடர் பழகியதும் கவனம் திரும்பி வரும், தவறும் பழைய அளவுக்கு இறங்கும். இரண்டு மாதம் ஆகியும் இறங்கவில்லை என்றால், வாரத்துக்கு ஐந்து ஜோடி என்பது அவருக்கு அதிகம், மூன்றாகக் குறைத்துக் கொள்ள வேண்டும்.

தேர்வுக்கு முந்தைய வாரம் புது ஜோடி எதுவும் கிடையாது. பழைய அட்டைகளில் 4/3/2 மட்டும்.